வெல்ட்வெர்ட்ஸ் விண்ணப்பமும் என் மூன்று கடிதங்களும்

ஜெர்மன் அரசின் நிதியில் நடக்கும் வெல்ட்வெர்ட்ஸ் தன்னார்வத் திட்டத்தில் நம் பிள்ளைகளும் அங்கே போய் ஓராண்டு சேவை செய்யலாம். 2008இல் தொடங்கியபோது ஜெர்மன் இளைஞர்கள்தான் வெளிநாடு போனார்கள். 2013இல் இருந்து எதிர்த்திசையிலும் ஆள் எடுக்கிறார்கள். 18 முதல் 28 வயதுவரை போகலாம். முதியோர் இல்லம், மழலையர் பள்ளி மாதிரி ஓர் இடத்தில் வேலை. தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு, விமானச் செலவு, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம் எல்லாம் திட்டத்திலேயே வந்துவிடும். என்னைத் தடுமாற வைத்தது, ஏன் போக விரும்புகிறேன் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் ஊக்கக் கடிதம்தான். ஒன்றரைப் பக்கம். அதற்கு எனக்கு ஐந்து வாரம் பிடித்தது.

திருவாரூர் பக்கம் எங்கள் ஊராட்சியில் கடைசித் தெருவுக்கு மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் வராது. அதற்காக நாலைந்து பேர் சேர்ந்து இரண்டு வருடம் அலைந்தோம். முதல் கடிதத்தில் அதைத்தான் எழுதினேன். 'நாங்கள் மக்களை ஒருங்கிணைத்தோம், நாங்கள் விழிப்புணர்வு ஏற்படுத்தினோம், எங்கள் முயற்சியால் தீர்மானம் நிறைவேறியது.' முன்பு இதே திட்டத்தில் போய்வந்த ஓர் அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டு அக்கா கேட்டார்: "சரிம்மா, இதுல நீ எங்க இருக்க?"

ஊர் வேலை பார்க்கிறவர்களுக்கு 'நான் செய்தேன்' என்று சொல்ல நா கூசும். அப்படித்தான் பழகியிருக்கிறோம். ஆனால் கடிதத்தைப் படிப்பவர் குழுவை அனுப்பப் போவதில்லை, ஓர் ஆளை அனுப்பப் போகிறார். அந்த ஆள் என்ன பார்த்தாள், என்ன முடிவெடுத்தாள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாவது கடிதத்தில் 'நான்' வந்தது. ஆனால் வெற்றிகள் மட்டுமே இருந்தன. "எங்கயாவது தோத்திருப்பியே, அதை எழுது" என்றார் அக்கா. அப்போதுதான் மார்ச் 22ஆம் தேதி கிராம சபை நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊராட்சியில் சுமார் 3,400 பேர். அந்த அளவு ஊராட்சிக்குக் கிராம சபை செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச வருகை, அதாவது குறைவெண், 200 பேர். அன்று வருகைப் பதிவேட்டில் 64 கையெழுத்து. துண்டறிக்கை அச்சடித்துக் கொடுத்தவள் நான். காலை 11 மணிக்கு வாருங்கள் என்று வீடு வீடாகச் சொன்னவளும் நான்தான். கடைசித் தெருப் பெண்கள் ஒருவர்கூட வரவில்லை. சாயங்காலம் போய்க் கேட்டேன். எல்லோரும் உளுந்து பறிக்கப் போயிருந்தார்கள். மார்ச் கடைசியில் டெல்டாவில் வேறு எங்கே இருப்பார்கள்? இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. நான் அவர்களிடம் கேட்காமலே இருந்துவிட்டேன். அடுத்த கூட்டம் மே 1, விடுமுறை நாள். அதற்கு முந்தைய இரண்டு வாரமும் துண்டறிக்கையே இல்லாமல், இரவு எட்டு மணிக்குமேல் திண்ணைகளில் உட்கார்ந்து பேசினேன். அன்று 231 பேர் வந்தார்கள். தனிக் குழாயும் கேட் வால்வும் போடத் தீர்மானம் ஆனது. இன்றும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வருகிறது என்பதையும் மறைக்காமல் எழுதினேன்.

மூன்றாவது கடிதத்தின் பாதி இந்த ஒரு சம்பவம்தான். தமிழில் எழுதி முடித்துவிட்டுத்தான் ஆங்கிலத்தில் மாற்றினேன். நேராக ஆங்கிலத்தில் எழுதினால் கடன் வாங்கிய பெரிய சொற்களாக வந்து விழுகின்றன.

மீதிப் பாதியில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். முதலாவது, ஏன் இந்த இடம்? எனக்கு வந்தது ஒரு முதியோர் இல்லம். 'ஜெர்மன் பண்பாட்டை அறிய ஆவல்' என்ற வரியை அடித்துவிட்டு, திண்ணையில் பாட்டிகளிடம் பேசியதில் கற்ற பொறுமையையும், வயதானவர்களை வீட்டுக்கு வெளியே பராமரிக்கும் முறையை நான் பார்த்ததே இல்லை என்பதையும் எழுதினேன். இரண்டாவது, திரும்பி வந்து என்ன செய்வாய்? எங்கள் ஊரில் பிள்ளைகள் திருப்பூருக்கும் துபாய்க்கும் போன பிறகு தனியாக இருக்கும் முதியவர்களுக்கு ஒரு பகல்நேர மையம் தொடங்க ஆசை என்றேன். அங்கேயே முதுகலை படிக்க விரும்புகிறேன் என்று இதில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆசை தப்பில்லை, ஆனால் இது படிப்புக்கான உதவித்தொகை அல்ல. அந்த ஒரு வரியே கடிதத்தின் மற்ற வரிகளைச் சந்தேகப்பட வைத்துவிடும்.

விசாவுக்கும் ஒரு ஊக்கக் கடிதம் கொடுத்தேன். அதில் கிராம சபைக் கதையை இரண்டு வரியாகச் சுருக்கி, எங்கே தங்குவேன், என்ன வேலை, எப்போது திரும்புவேன் என்பதை முன்னால் வைத்தேன். இரண்டு கடிதங்களிலும் தேதியும் காரணமும் ஒத்துப்போகின்றனவா என்று அக்கா வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்தார்.

திட்டத்துக்கான நேர்காணல் காணொளியில் நடந்தது. முதல் கேள்வியே, "அந்த 64 பேர் யார்?" கடிதத்தில் அதை எழுதவில்லை. பெரும்பாலும் ஊராட்சி அலுவலகத்தை ஒட்டிய தெருக்களின் ஆண்கள் என்றேன். அதிலிருந்து பேச்சு அரைமணி நேரம் ஓடியது.