ஏழாவது சொல்

“அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, அக்கா.”

அன்று நான் சொன்னது இவ்வளவுதான். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று எட்டு மாதங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா எனக்குப் பக்கத்து இருக்கையில் வேலை பார்ப்பவர். முதியோர் பராமரிப்பு நிலையம் ஒன்றின் விளம்பரத்தைக் கைப்பேசியில் காட்டினார். ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்தார் அவருடைய அப்பா. பக்கத்தில் பெரிய எழுத்தில், “உங்கள் முகம் அவருக்கு நினைவிருக்கிறதா?” என்று போட்டிருந்தார்கள். அக்கா கோபப்படவில்லை. “அப்பாவுக்கு மறதி கிடையாதே, தம்பி” என்றார். அதற்குத்தான் கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன்.

அந்தப் படம் நான் எடுத்தது. என் படங்களை, விளம்பரக்காரர்களும் மற்றவர்களும் உரிமம் வாங்கிப் பயன்படுத்தும் மூன்று இணையத் தளங்களில் விற்பனைக்கு ஏற்றுகிறேன். முகம் அடையாளம் தெரியும் படத்தை வணிகப் பயன்பாட்டுக்கு விற்க வேண்டுமானால், படத்தில் இருப்பவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும்தான் கொடுக்க முடியும்; விற்பனையும் குறையும். அலுவலகத்துக்கு அக்காவை அழைத்துப்போக வந்த ஒரு மாலையில் அவர் அப்பாவை நாற்பது படங்கள் எடுத்தேன். படிவத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். “படத்தை விளம்பரங்களுக்கு வாங்குவார்கள்” என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். எந்த விளம்பரம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கே தெரியாது என்பதும் உண்மை. வாங்கியவர் யாரென்று தளம் படம் எடுத்தவரிடம் சொல்வதில்லை. கணக்கில் சில சென்ட்கள் ஏறும், அவ்வளவுதான்.

ஏற்றிய ஐந்து படங்களில் நான்கில் அவர் சிரிக்கிறார். அவற்றை வாங்கியவர்கள் மிகக் குறைவு. ஐந்தாவது மட்டும் இரண்டு ஆண்டுகளில் 63 முறை விற்றது. காரணத்தை நான் அறிவேன். இடது பக்கம் வெறும் சுவர், வாசகம் எழுத நல்ல இடம். அவர் பார்வை எங்கோ இருக்கிறது. உண்மையில் அப்போது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாததால் எதையும் உற்றுப் பார்க்கவில்லை. கைகள் படத்தின் விளிம்புக்குக் கீழே போய்விட்டதால் துடைப்பது தெரியாது. மிஞ்சியது எதையோ தொலைத்தவரின் முகம்.

அந்த முகத்துக்குப் பெயர் வைத்தது நான்தான். நான் படம் ஏற்றும் தளங்களில் ஒன்றில் 49 குறிச்சொற்கள் வரை சேர்க்கலாம். முதல் பத்துச் சொற்களுக்குத்தான் தேடலில் எடை அதிகம். முதியவர், ஜன்னல், தனிமை, சிந்தனை என்று வரிசையாக இட்டேன். ஏழாவதாக மறதிநோய். மூக்குக்கண்ணாடி என்ற சொல்லே அந்தப் பட்டியலில் இல்லை. வாங்குபவர்கள் பொருளைத் தேடுவதைவிடக் கருத்தைத்தான் தேடுகிறார்கள் என்று இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள்; என் அனுபவமும் அதுதான். ஆனால் அந்த ஏழாவது சொல் இல்லாமலிருந்தால், நிலையத்தின் வடிவமைப்பாளர் தேடியபோது வேறு யாருடைய அப்பாவோதான் கிடைத்திருப்பார்.

தளத்துக்கு எழுதினேன். படத்தில் இருப்பவருக்கு நோய் இருப்பதாகக் காட்டினால் ‘படத்தில் இருப்பவர் மாடல் மட்டுமே’ என்ற குறிப்பு அவசியம் என்பது அவர்களுடைய உரிம விதி. விளம்பரத்தின் அடியில் அந்த வரி பொடி எழுத்தில் இருக்கிறது என்று பதில் வந்தது. பார்த்தேன், இருந்தது. ஆக, யாரும் விதியை மீறவில்லை. படத்தை மூன்று தளங்களிலிருந்தும் நீக்கினேன். அதனால் புதிதாக யாரும் வாங்க முடியாது. ஏற்கெனவே விற்ற 63 உரிமங்களுக்கு முடிவுத் தேதி கிடையாது. ஒருமுறை பணம் கட்டியவர் அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

நீக்கிவிட்டதாக அக்காவிடம் சொன்னபோது, “நான் நீக்கச் சொல்லவில்லையே” என்றார். அப்படியானால் அவர் கேட்டது என்ன? என்னிடம் எதையாவது எதிர்பார்த்தாரா, வெறுமனே காட்டினாரா? இன்றுவரை கேட்கவில்லை. சில நாட்களில், படிவத்தைப் படித்துக் காட்டியிருந்தாலும் பெரியவர் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். சில நாட்களில், அந்தச் சமாதானமே அன்றைய பதிலின் இன்னொரு வடிவம் என்று தோன்றுகிறது.

இனி படத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே குறிச்சொல்லாக இடுவது என்று முடிவு செய்தேன். மூன்று மாதம் அப்படியே செய்தேன். புதிய படங்கள் ஒன்றும் விற்கவில்லை. போன வாரம் மாடிப்படியில் அமர்ந்திருக்கும் ஒரு நண்பரின் படத்தை ஏற்றினேன். இம்முறை படிவத்தைப் படித்துக் காட்டி, எந்தெந்த மாதிரி விளம்பரங்களில் வரக்கூடும் என்றும் சொன்னேன். குறிச்சொல் பெட்டியில் ‘மனச்சோர்வு’ என்று எழுதி, அழித்தேன். ‘தனிமை’ என்று எழுதினேன். அதை அழிக்கவில்லை.