மழை இரவு பேனலும் 108 ஃபிரேமும்: என் மோஷன் காமிக் ப்ராஜெக்ட் அனுபவம்

அனிமேஷன் படிப்பின் கடைசி செமஸ்டரில் மூன்று நிமிட மோஷன் காமிக் ஒன்றைத் தனியாகச் செய்து கொடுக்க வேண்டியிருந்தது. என்னிடம் ஏற்கெனவே வரைந்து முடித்த 22 பேனல்கள் இருந்தன. படம்தான் தயாராக இருக்கிறதே, கொஞ்சம் நகர்த்திச் சத்தம் சேர்த்தால் முடிந்தது என்று நினைத்தேன். முதல் ரிவ்யூவில் கைடு நாற்பது நொடி பார்த்துவிட்டு நிறுத்தினார். "ஏன் எல்லாமே ஆடிக்கிட்டே இருக்கு? கப்பல்ல உக்காந்து படம் பாக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

அடுத்த முறை ஒரே ஒரு பேனலை மட்டும் சரியாகச் செய்து எடுத்து வரச் சொன்னார். மீதி வேலையைக் காப்பாற்றியது அந்த ஒரு பேனல்தான். அதனால் 22-ஐயும் விட்டுவிட்டு அதை மட்டும் சொல்கிறேன்.

மழை பெய்யும் இரவு. மாடி வராந்தாவின் இடது பக்கத்தில் ஒரு சிறுமி கைப்பிடிச் சுவரில் கை ஊன்றி நிற்கிறாள். கீழே தெரு. வலது கோடியில் விளக்குக் கம்பத்தின் அடியில் குடையோடு ஒரு ஆள். அவளுக்கும் முன்னால், கேமராவுக்குப் பக்கத்தில், இருட்டாக ஒரு தூண். அகலமான பேனல், 3120 பிக்சல். படத்தின் ஃபிரேம் 1920-க்கு 1080 என்பதால், சிறுமியில் தொடங்கி ஆளில் முடிய கேமரா 1200 பிக்சல் வலப்பக்கம் நகர வேண்டும். நான் அதை மூன்று நொடியில் நகர்த்தியிருந்தேன். ஏன் மூன்று நொடி என்று கைடு கேட்டார். என்னிடம் பதில் இல்லை. டைம்லைனில் அவ்வளவுதான் இடம் இருந்தது.

பதில் சத்தத்தில் இருந்தது. படத்தை மூடி வைத்துவிட்டு அந்தக் காட்சியைக் காதால் மட்டும் எடுத்துப் பார் என்றார். போனிலேயே பதிவு செய்தேன். மழைக்கு வாயால் ஒரு "ஷ்ஷ்", கேட் திறக்கிற "கிரீச்", அந்த ஆள் இருமுகிற சத்தம், அவ்வளவுதான். இரண்டு நொடி மழை, அப்புறம் கேட், ஐந்து நொடி கழித்து இருமல் என்று வைத்தபோது கேட்க இயல்பாக இருந்தது. மூன்று நொடியில் இருமினால் பயமே வரவில்லை. எட்டு நொடி ஆனால் கதை படுத்துவிட்டது. ஆக, நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில், கேட் சத்தத்துக்கும் இருமலுக்கும் நடுவே 120 ஃபிரேம். கேட் சத்தம் வந்ததும் கேமரா கிளம்பக் கூடாது. அதைக் கேட்டு, திரும்பிப் பார்க்க ஒரு மனிதருக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்கு 12 ஃபிரேம் விட்டேன். மீதி 108 ஃபிரேம், அதாவது 4.5 நொடி, கேமரா பக்கவாட்டில் நகரும் பானுக்கு. கேமரா போய் நிற்பதும் இருமலும் ஒன்றாக விழும்.

இந்த ஒரு மாற்றத்திலேயே கப்பல் ஆட்டம் பாதி நின்றுவிட்டது. சத்தம் கூப்பிட்டதால் கேமரா திரும்புகிறது, சும்மா நகரவில்லை. படத்தையும் சத்தத்தையும் நேரப்படி அடுக்கிப் பார்க்கும் உங்கள் ஆனிமேட்டிக்கில் எந்த பான் எந்தச் சத்தத்துக்கோ பார்வைக்கோ பதிலாக வருகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாத இடத்தில் கேமராவை நிறுத்திவிடுங்கள். நான் எழுதியபோது 22-இல் 9 பேனல்தான் மிஞ்சியது.

அடுத்தது வேகம். பழைய பானில் விளக்குக் கம்பம் இரண்டு இரண்டாகத் துடித்தது. கம்ப்யூட்டர் பிரிவ்யூவில் இது சரியாகத் தெரியாது, எக்ஸ்போர்ட் செய்து முழுத் திரையில் போட்டால் தெரியும். ஒளிப்பதிவில் இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: நொடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கும்போது, ஒரு பொருள் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக சுமார் 7 நொடியாவது ஆக வேண்டும். 1920-ஐ 7-ஆல் வகுத்தால் நொடிக்கு ஏறக்குறைய 274 பிக்சல். என் பான் சராசரியாகவே 400.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் நகர்வு கிளம்பும் இடத்தையும் நிற்கும் இடத்தையும் குறிக்கும் இரண்டு கீஃப்ரேமுக்கும் Easy Ease கொடுத்தால் தொடக்கமும் முடிவும் மெதுவாகும்; அதை ஈடுகட்ட நடுவில் வேகம் சராசரியைப் போல ஒன்றரை மடங்கு ஆகிவிடும். அதாவது என் 400 நடுவில் 600 ஆகியிருக்கிறது. கம்பம் துடிக்காமல் என்ன செய்யும்? கணக்கைச் சராசரிக்குப் போடாமல் உச்ச வேகத்துக்குப் போட வேண்டும். உச்சம் 274 என்றால் சராசரி 183. 1200 பிக்சலுக்கு ஆறரை நொடிக்கு மேல் வேண்டும், ஆனால் சத்தம் எனக்குக் கொடுத்திருப்பது 4.5 நொடி.

நேரத்தைத் தொட முடியாது, அதனால் தூரத்தைக் குறைத்தேன். சிறுமியின் இடப்பக்கம் இருந்த வெற்றுச் சுவரை வெட்டி, அவளை ஃபிரேமின் ஓரத்துக்குத் தள்ளித் தொடங்கினேன். வலது கோடியில் ஆளைச் சரியாக நடுவில் நிறுத்தாமல் கொஞ்சம் வலப்பக்கமாகவே விட்டேன். தூரம் 800 ஆனது. 4.5 நொடிக்கு சராசரி 178, உச்சம் 267. துடிப்பு போய்விட்டது. அவள் ஓரத்தில் நிற்பதால் தனியாக இருக்கிற உணர்வும் கூடியது, அது எதிர்பாராத லாபம்.

இனி லேயர், அதாவது பேனலை வெட்டிப் பிரிக்கும் அடுக்குகள். பக்கத்தில் இருப்பது வேகமாகவும் தூரத்தில் இருப்பது மெதுவாகவும் நகர்ந்தால் ஆழம் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் தெருவை அடிப்படையாக வைத்து 800 பிக்சல் கொடுத்தேன். வானத்துக்கு அதில் பாதி, 400. சிறுமிக்கும் அவள் கை ஊன்றிய சுவருக்கும் ஒன்றரை மடங்கு, 1200. தூணுக்கு 1800. முதலில் இன்னும் பெரிய இடைவெளி வைத்திருந்தேன். திறந்தால் எழுந்து நிற்கும் அட்டைப் புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. தூணும் சுவரும் அந்த 7 நொடிக் கணக்கைத் தாண்டுகின்றனவே என்று கேட்கலாம். தாண்டுகின்றனதான். ஆனால் கண் பின்தொடர்வது தெருவை. தூணை இருட்டாக்கி மங்கலாக்கிவிட்டால் அதன் துடிப்பை யாரும் பார்ப்பதில்லை; சுவருக்கு மோஷன் ப்ளர் போதும்.

பெரிய தப்பு எங்கே நடந்தது தெரியுமா? முதலில் சிறுமியை ஒரு லேயராகவும் கைப்பிடிச் சுவரை இன்னொரு லேயராகவும் வெட்டி, வெவ்வேறு வேகம் கொடுத்திருந்தேன். பான் ஓடும்போது அவள் கை சுவரின் மேல் வழுக்கிக்கொண்டே போனது. எண்ணெய் தடவிய சுவர் போல. அந்த ஆளுக்கும் அதே கதைதான்: அவன் நகர, அவன் காலடித் தண்ணீரில் தெரிந்த நிழல் பின்தங்கியது. ஒன்றை ஒன்று தொடும் இடத்தில் லேயரைப் பிரிக்கவே கூடாது. கையும் சுவரும் ஒரே வேகம். ஆள், நிழல், தண்ணீர், தெரு எல்லாம் ஒரே வேகம். பிரிப்பதற்கு முன் பேனலில் யார் எதைத் தொடுகிறார்கள் என்று பென்சிலால் வட்டம் போடுங்கள். இரண்டு நிமிட வேலை.

சிறுமியை வெட்டி எடுத்ததும் பின்னால் தெருவில் அவள் வடிவில் ஓட்டை விழும். அதை நிரப்ப நான் முழுத் தெருவையும் இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தேன். வீண் வேலை. திறந்து தெரியப்போவது இரண்டு லேயரின் நகர்வுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். அவள் 1200 நகர்கிறாள், தெரு 800, வித்தியாசம் 400. கேமரா வலப்பக்கம் போகும்போது அவள் தெருவைவிட வேகமாக இடப்பக்கம் ஒதுங்குவதால், அவளுடைய வலது விளிம்பிலிருந்து உள்நோக்கி 400 பிக்சல்தான் வெளிப்படும். கைப்பிழைக்கு 40 சேர்த்து 440 அகலத்துக்கு வரைந்தால் போதும். லேயரின் மொத்த அகலத்துக்கும் இதே மாதிரி சுலபக் கணக்குதான்: 1920-உடன் அந்த லேயர் நகரும் தூரத்தைக் கூட்டுங்கள். தெருவுக்கு 2720, வானத்துக்கு 2320.

ஓட்டை இருக்கிறதா என்று கண்ணால் தேடினால் இருட்டுக் காட்சியில் சிக்காது. எல்லாவற்றுக்கும் அடியில் பளீரென்று ஒரு பிங்க் லேயர் போட்டு ஓட்டிப் பாருங்கள். எங்கே பிங்க் எட்டிப் பார்க்கிறதோ அங்கே வண்ணம் பற்றவில்லை.

சத்தத்தைப் பற்றி இன்னும் ஒன்று. போனில் பதிந்த "ஷ்ஷ்"-ஐ எடுத்துவிட்டு உண்மையான மழைப் பதிவை லூப் போட்டபோது, நடுவில் ஒரு தகரத்தில் விழும் "டொக்" திரும்பத் திரும்ப ஒரே இடைவெளியில் வந்தது. ஒரு தடவை காதில் பட்டுவிட்டால் அப்புறம் அதுதான் கேட்கும். 17 நொடி லூப் ஒன்றும் 23 நொடி லூப் ஒன்றும் சேர்த்து ஓட்டினேன். இரண்டும் மறுபடி ஒரே இடத்தில் சேர 391 நொடி ஆகும். என் படம் அதற்குள் முடிந்துவிடும். இருமல் விழுந்ததும் மழையைச் சற்றுத் தாழ்த்தி, 36 ஃபிரேம் எதையும் அசைக்காமல் விட்டேன். குடைக்காரன் குடையைக்கூட அசைக்கவில்லை. ரிவ்யூவில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தது அந்த அசையாத ஒன்றரை நொடியில்தான்.

வசன பலூன் வைக்கிறவர்கள் கேமரா நின்ற பிறகே அதைக் கொண்டு வாருங்கள். நகரும்போது யாராலும் படிக்க முடியாது.

வைவாவில் சாஃப்ட்வேரைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. பேனலை நிறுத்தி நிறுத்தி, "இங்க கேமரா ஏன் போகுது?", "இது ஏன் தனி லேயர்?" என்றுதான் கேட்டார்கள். நான் எழுதி வைத்திருந்த தாளை அப்படியே நீட்டினேன்: பேனல் எண், ஃபிரேம் எண்ணிக்கை, கிளப்புகிற சத்தம், ஒவ்வொரு லேயரும் நகரும் தூரம். அதில் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இருந்தது. 9 நகரும் பேனல்களில் லேயர் பிரித்தது 4 மட்டும்தான் என்றதற்கு ஒருவர் தலையாட்டினார்.

அப்புறம் மழை பேனலுக்கு வந்தார்கள். வெளித் தேர்வாளர் ஒரு இடத்தில் நிறுத்தி, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, சிறுமியின் தலைமுடி ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். மூன்று ஃபிரேமுக்கு மட்டும், நூல் போல ஒரு பிங்க் கோடு. முடியை வெட்டிய விளிம்பு அங்கே கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. கடைசி ரெண்டருக்கு முன் அடி லேயரை நான் மாற்றவே இல்லை. சோதனை முடிந்ததும் அந்த பிங்கைப் பின்னணியின் இருட்டு நிறத்துக்கு மாற்றிவிட்டு ரெண்டர் போடுங்கள்.