ஊசியில்லா ஹீமோகுளோபின் கருவிக்கு எச்.டி.ஏ. சுருக்கம் எழுதப் போய்ப் பட்ட பாடு

ஹெல்த் பாலிசி படிப்பில் இந்த செமஸ்டர் எங்களுக்கு வந்த வேலை இது: சந்தைக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு ஸ்கிரீனிங் கருவியை எடுத்துக்கொண்டு, அது செலவுக்கு ஏற்ற பலன் தருமா என்று எடைபோடும் எச்.டி.ஏ. என்ற மதிப்பீட்டை இரண்டு பக்கச் சுருக்கமாக எழுத வேண்டும். எனக்கு விழுந்தது விரல் நுனியில் மாட்டினால் குத்தாமலே ஹீமோகுளோபின் சொல்லும் கருவி. படிப்பது கோயம்புத்தூரில், வீடு வாளையாருக்கு இந்தப் பக்கம், கேரளத்துச் சித்தூர் தாலுகாவில். ஊரிலேயே குடும்ப ஆரோக்கிய மையம் இருக்கிறது, தகவல் சுலபமாகக் கிடைத்துவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

கைடு கொடுத்த படிவத்தில் யாருக்கு, எந்தக் கருவி, எதோடு ஒப்பிட்டு, என்ன விளைவு என்று கேட்கும் பிகோ கட்டத்தை நிரப்புவதில் மக்கள், கருவி, விளைவு மூன்றும் அரை மணி நேரத்தில் முடிந்தன. கம்பேரேட்டர் என்ற ஒரு கட்டம்தான் உயிரை எடுத்தது. நிறுவனத்தின் கையேடு தன் கருவியை சாலி முறையோடு ஒப்பிட்டிருந்தது. கண்ணாடிக் குழாயில் அமிலத்தில் ரத்தத்தைக் கலந்து, நிறம் ஒத்துவரும்வரை தண்ணீர் சொட்டிக்கொண்டே போய்க் கண்ணால் அளவு படிக்கிற பழைய முறை அது. பார்ப்பவர் மாறினால் அளவும் மாறும். அதோடு மோதவிட்டால் எந்தக் கருவியும் ஜெயிக்கும். போன வருட மாதிரிச் சுருக்கங்களிலும் அதையே வைத்திருந்தார்கள். கேட்டால் "பேப்பரில் அப்படித்தான் இருக்கிறது" என்று பதில்.

இங்கே இரண்டு விஷயத்தைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். கருவி சொல்வது சரியா தவறா என்று எதை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறோமோ அது ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்ட். ஹீமோகுளோபினுக்கு அது நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தை, ரத்த அணுக்களை எண்ணும் இயந்திரமான செல் கவுண்டரில் ஓட்டிப் பார்ப்பது. கம்பேரேட்டர் வேறு. இந்தக் கருவி வந்தால் எதை ஓரங்கட்டுமோ, அதாவது இன்றைக்கு அந்த இடத்தில் உண்மையில் எதைப் பயன்படுத்துகிறார்களோ, அதுதான் கம்பேரேட்டர். அதைப் பேப்பரில் தேட முடியாது, போய்த்தான் பார்க்க வேண்டும்.

போனேன். கல்லூரிக் கடிதத்தைப் பார்த்த கிளார்க் அதை மேசைமேல்கூட வைக்கவில்லை. "இது கோயம்புத்தூர் காலேஜ் கடுதாசி. டி.எம்.ஓ. ஆபீஸ் வழியா வந்தாத்தான் ரிஜிஸ்டர் காட்ட முடியும், மோளே." கல்லூரியில் கேட்டால் துணை இயக்குநர் அலுவலகத்துக்கு எழுதித் தருகிறோம் என்கிறார்கள். அந்தப் பதவி தமிழ்நாட்டுப் பக்கத்தில். இந்தப் பக்கம் மாவட்ட மெடிக்கல் ஆபீசர். இதைப் புரியவைத்துக் கடிதத்தை மாற்றி வாங்கிக்கொண்டு பாலக்காடு போனால், மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கச் சுருக்கம் இணைக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த நாள் முழுக்க வீண். எல்லையோரத்துப் பிள்ளைகள் கவனிக்க: கடிதம் யார் பெயருக்குப் போக வேண்டும் என்பதைப் போனில் கேட்டு உறுதிசெய்துகொண்டு பிறகு சீல் வாங்குங்கள். நோயாளி பெயர் எதுவும் தேவையில்லை, மொத்த எண்ணிக்கை மட்டும் போதும் என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். அந்த ஒரு வரி சேர்ந்த பிறகுதான் ஃபைல் நகர்ந்தது.

அனுமதி வந்ததும் லேபில் இருந்த சேச்சி பத்து நிமிடத்தில் எல்லாம் காட்டிவிட்டார். சாலி குழாய் அலமாரியின் மேல்தட்டில் தூசியோடு கிடந்தது. "அதையெல்லாம் எடுத்தே வருஷமாச்சு" என்றார். ஃபீல்டுக்குப் போகும் செவிலியர் கையில் ஸ்ட்ரிப் போடும் டிஜிட்டல் மீட்டர். சந்தேகம் வந்தால் தாலுகா ஆசுபத்திரியில் செல் கவுண்டர். ஆக என் கம்பேரேட்டர் ஸ்ட்ரிப் மீட்டர்தான். கையேட்டின் ஒப்பீடு அத்தனையும் அந்த நிமிடமே பயனற்றுப் போனது.

கையேட்டில் இன்னொரு வித்தையும் உண்டு. இரண்டு அளவும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று மட்டும் சொல்லும் கோரிலேஷன் 0.9 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஒரு கருவி எல்லோருக்கும் சரியாக 2 கிராம் குறைத்துக் காட்டினாலும் கோரிலேஷன் 1 வரும். நமக்கு வேண்டியது இரண்டு அளவும் ஒரே ஆளிடம் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது. ஒவ்வொரு ஆளுக்கும் அந்த வித்தியாசத்தைப் புள்ளி வைத்துக் காட்டும் பிளாண்ட்-ஆல்ட்மன் படம் இருக்கிறதா என்று பாருங்கள். சராசரி வித்தியாசம் 0.1 என்று அழகாக இருக்கும், ஆனால் பெரும்பாலான புள்ளிகள் அடங்கும் மேல் கீழ் எல்லைக் கோடுகள் 2 கிராம் தள்ளி நிற்கும். கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு ரத்தசோகைக் கோடு 12 கிராம். 12.5 இருக்கிற பெண்ணுக்கு 10.5 என்று காட்டும் கருவி, சராசரியில் நல்ல பிள்ளைதான். கை சில்லிட்டிருந்தாலும் நகத்தில் அடர்த்தியான பாலிஷ் இருந்தாலும் இந்தக் கருவிகள் தடுமாறும். செய்து காட்டியபோது ஒரு அம்மாவின் விரலில் அளவே விழவில்லை. சேச்சி அவர் கையைத் தன் இரு கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிய பிறகுதான் எண் வந்தது. இப்படி அளவே வராத பேர்களைப் பல ஆய்வுகள் கணக்கிலிருந்தே நீக்கிவிடுகின்றன. அவர்களையும் சேர்த்தால் சென்சிட்டிவிட்டி, அதாவது நோய் உள்ளவர்களில் கருவி சரியாகப் பிடிக்கும் சதவீதம், இறங்கும்.

அடுத்து மாநில எல்லைக்கோடு செய்த வேலை. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை கேரளத்தில் 36.3 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். கருவிக்கு சென்சிட்டிவிட்டி 80, நோய் இல்லாதவர்களில் சரியாக இல்லை என்று சொல்லும் சதவீதமான ஸ்பெசிஃபிசிட்டி 75 என்று வைத்துக்கொண்டேன். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள், சுருக்கத்திலும் அப்படியே எழுதினேன். இங்கே 1000 பெண்களில் 360 பேருக்கு ரத்தசோகை என்றால் கருவி 288 பேரைப் பிடிக்கும், 72 பேரை விட்டுவிடும், நன்றாக இருக்கும் 160 பேரையும் சேர்த்து இழுக்கும். உங்களுக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பப்படும் 552 பேரில் எட்டில் ஒருவருக்கு அது பொய். அதே கருவியை வாளையார் தாண்டி 530 பேருக்கு ரத்தசோகை உள்ள 1000 பேரிடம் வைத்தால், ஒன்றுமில்லை என்று போகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அது பொய். ஆகவே கோயம்புத்தூருக்கு என்று எழுதிய சுருக்கத்தைப் பாலக்காட்டுக்கு அப்படியே தூக்கிக் கொடுக்க முடியாது. ஒரு எச்சரிக்கை: அந்தக் கணக்கெடுப்பே விரல் ரத்தத்தை மீட்டரில் பார்த்து எடுத்ததுதான், நரம்பு ரத்தத்தில் எடுத்திருந்தால் எண் வேறாக வரக்கூடும். அதனால் ரத்தசோகை விகிதத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒருமுறை கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

செலவில்தான் உண்மையான சண்டை. ஸ்ட்ரிப் வேண்டாம், ஊசி வேண்டாம், ஒரு பரிசோதனைக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது என்கிறது கையேடு. எப்படி? விலையை ஒரு லட்சம் என்று வையுங்கள். ஐந்து வருட ஆயுள், வருங்காலப் பணத்தின் மதிப்பைக் குறைத்துப் பார்க்க நம் நாட்டு எச்.டி.ஏ. வழிகாட்டி சொல்லும் 3 சதவீதத் தள்ளுபடி விகிதம், ஆக வருடத்துக்கு ஏறக்குறைய 21,800 ரூபாய். நாளைக்கு நூறு பேர், வருடத்துக்கு 300 நாள் என்றால் 73 பைசா வரும்தான். எங்கள் மையத்து ரிஜிஸ்டரைப் புரட்டினால் வாரத்தில் ஒருநாள், முப்பது பேர். 21,800ஐ 1,560ஆல் வகுத்தால் 14 ரூபாய். ஸ்ட்ரிப்பை 25 ரூபாய் என்று எடுத்தால் அப்போதும் ஆளுக்கு 11 ரூபாய் மிச்சம், ஆயிரம் பேருக்கு 11,000.

இங்கேயே நிறுத்தினால் கருவி ஜெயித்துவிடும். ஸ்ட்ரிப் மீட்டருக்கு சென்சிட்டிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி இரண்டும் 90 என்று வைத்தால், எங்கள் பக்கத்து அதே 1000 பேரில் அது 388 பேரை மறுபரிசோதனைக்கு அனுப்பும். புதிய கருவி 448 பேரை அனுப்பும். அறுபது பேர் கூடுதல். தாலுகா ஆசுபத்திரியில் செல் கவுண்டருக்கு ஆளுக்கு 50 ரூபாய் என்றால் அரசுக்கு 3,000தான், இன்னும் 8,000 மிச்சம். ஆனால் கள்ளுக்கடை ஓரத்துத் தென்னந்தோப்பில் கூலிக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு பயணத்தில் பஸ் காசும் போகும், ஒருநாள் கூலியும் போகும். அதையும் சேர்த்து 400 ரூபாய் என்று எழுதினேன். அறுபது பேருக்கு 24,000. மிச்சம் கரைந்து 13,000 நஷ்டம். அதற்கு மேல், மீட்டரைவிடக் கூடுதலாக 36 பெண்களைக் கருவி கோட்டை விடுகிறது. செலவும் கூடுதல், கண்டுபிடிப்பதும் குறைவு. அரசின் கணக்கில் லாபம், ஜனங்களின் கணக்கில் நஷ்டம். இரண்டையும் தனித்தனி வரியில் காட்டினேன்.

வைவாவில் முதல் கேள்வியே "இந்த 400 எங்கிருந்து வந்தது?" என்பதுதான். இதற்குத் தயாராக இருந்தேன். 11,000ஐ 60ஆல் வகுத்தால் 183. மறுபரிசோதனைக்கு ஒரு பெண்ணால் ஆகும் மொத்தச் செலவு 183 ரூபாயைத் தாண்டினால் மிச்சம் போயிற்று, என் 400ஐ நீங்கள் நம்ப வேண்டியதில்லை என்றேன். தேர்வாளர் தாளில் எதையோ கிறுக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். உங்கள் சுருக்கத்தில் ஊகம் எங்கே பெரிதோ அங்கே இப்படி ஒரு திருப்புமுனை எண்ணைப் போட்டு வையுங்கள். சண்டை அதோடு நிற்கும்.

பரிந்துரையில் "வேண்டாம்" என்று ஒற்றைச் சொல்லில் முடிக்கவில்லை. மறுபரிசோதனை அதே கட்டிடத்தில், அதே நாளில் நடக்கும் இடத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கலாம், ஃபீல்டுக்கு வேண்டாம் என்று எழுதினேன். செல் கவுண்டர் பக்கத்து அறையில் இருந்தால் அந்தக் கூடுதல் பயணமே இல்லை, கணக்குத் திரும்பும். தவறவிடும் 36 பேர் அப்போதும் மிச்சம். அதற்கு விடை இல்லை என்பதால் ஒரு வரியில் அதையும் எழுதிவிட்டேன். அந்த வரியால் இரண்டு பக்கத்தைத் தாண்டியது என்று அரை மார்க் குறைத்தார்கள்.