மகளின் கல்விக் கட்டணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பியபோது

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்த என் மகளின் முதல் பருவக் கட்டணத்தை என் கணக்கிலிருந்து அனுப்புமாறு வங்கியில் விண்ணப்பித்தபோது, கணக்கில் பணம் இருக்கிறதா என்பதைவிட, நான் கேட்கும் தொகையும் இணைத்திருக்கும் இன்வாய்ஸும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதையே அலுவலர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்ததில் நியாயம் இருந்தது. இன்வாய்ஸின் மொத்தத் தொகை 12,400 யூரோ, இடத்தை உறுதி செய்ய முன்பே கட்டியது 2,000, மீதி 10,400. அதை இரண்டு தவணையாகக் கட்டலாம் என்பதால் நான் அனுப்பக் கேட்டது 5,200. அந்த எண் இன்வாய்ஸின் முதல் பக்கத்தில் எங்குமே இல்லை.

தவணை விவரம் இன்வாய்ஸின் இரண்டாம் பக்கத்தில், கெடு தேதிகளோடு ஒரு சிறிய அட்டவணையாக இருந்தது. பலர் முதல் பக்கத்தை மட்டும் அச்செடுத்துக் கொடுத்துவிடுவதால்தான் விண்ணப்பம் திரும்பி வருகிறது என்று அலுவலர் சொன்னார். நான் இரண்டு பக்கங்களையும் இணைத்ததோடு, வேண்டுகோள் கடிதத்திலேயே கணக்கை ஒரே வாக்கியத்தில் எழுதியிருந்தேன்: "மொத்தக் கட்டணம் 12,400 யூரோவில் முன்பணம் 2,000 செலுத்தப்பட்டுவிட்டது, மீதமுள்ள 10,400 யூரோவின் முதல் தவணையான 5,200 யூரோவை, பக்கம் 2இல் உள்ள அட்டவணைப்படி, பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு அனுப்பக் கோருகிறேன்." முன்பணம் கட்டிய ரசீதின் நகலும் கூடவே இருந்ததால், சரிபார்ப்பவர் யாரிடமும் கேட்காமலேயே அந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்க முடிந்தது.

நோக்கம் என்ற கட்டத்தில் அலுவலர் முதலில் குடும்பப் பராமரிப்பு என்பதைத் தேர்ந்தெடுக்கப் போனார். பணம் மகளுக்காக என்பதால் அப்படித் தோன்றியிருக்கலாம். ஆனால் பணம் மகளின் கைக்குப் போகவில்லை, கல்வி நிறுவனத்தின் கணக்குக்குப் போகிறது. சான்றாக இருப்பதும் கட்டண இன்வாய்ஸ்தான். ஆகவே கல்விக் கட்டணம் என்றே குறிக்கச் சொன்னேன். உச்சவரம்பும் வரியும் கேட்கப்படும் ஆவணங்களும் நோக்கத்தைப் பொறுத்து மாறக்கூடும் என்பதால், கட்டத்தில் ஒன்றும் இணைப்பில் வேறொன்றும் இருந்தால் சரிபார்க்கும் பிரிவு கோப்பை நிறுத்திவைத்துவிடும். இதே காரணத்தால் மகளின் அறை வாடகையையும் கைச்செலவையும் இந்த விண்ணப்பத்தில் சேர்க்கவில்லை. இன்வாய்ஸில் இல்லாத ஒரு ரூபாயையும் கல்விக் கட்டணத்தோடு சேர்த்து அனுப்பாமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

பெறுநரின் பெயரை, கடிதத் தலைப்பில் உள்ளபடி எழுதாமல், இன்வாய்ஸில் வங்கி விவரங்களுக்கு அருகே அச்சிடப்பட்டிருந்தபடியே எழுதினேன். இரண்டும் வேறாக இருப்பதுண்டு. கணக்கு எண்ணையும் மின்னஞ்சலில் வந்த பிரதியை மட்டும் நம்பி எழுதாமல், மகள் தன் மாணவர் தளத்தில் நுழைந்து பார்த்துச் சொன்னதோடு ஒப்பிட்டேன். இன்வாய்ஸை இடைமறித்துக் கணக்கு எண்ணை மாற்றும் மோசடி நடப்பதுண்டு, போன பணத்தைத் திரும்பப் பெறுவதும் கடினம்.

நான் அதிகம் வலியுறுத்தியது பணத்தோடு செல்லும் குறிப்பைப் பற்றி. பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரும் தகவலில் அனுப்புநராக என் பெயர்தான் இருக்கும். அது மகளின் பதிவில் இல்லாத பெயர். மாணவர் எண் குறிப்பில் இல்லாவிட்டால், வந்த பணம் யாருடையது என்று தெரியாமல் கணக்குப் பிரிவில் கிடக்கும், கெடுவோ கடந்துபோகும். வங்கிகள் நாடுகளுக்கிடையே பணம் அனுப்பும்போது தங்களுக்குள் பரிமாறும் ஸ்விஃப்ட் செய்தியில், நான் அனுப்பிய 2025இல், இதற்கான இடம் வரிக்கு 35 எழுத்து வீதம் நான்கு வரிகள்தான் இருந்தது. #, & போன்ற குறிகள் அதில் ஏற்கப்படவில்லை. எனவே விண்ணப்பத்தில் பெரிய எழுத்தில் இப்படிக் கொடுத்தேன்:

```
:70:TUITION FEE SEM 1 2025-26
STUDENT ID 4417082
INV 20931
:71A:OUR
```

`:70:` என்பது அந்தக் குறிப்புக்கான கட்டம். `:71A:` என்று தொடங்கும் கடைசி வரி, வழியில் வரும் வங்கிக் கட்டணங்களை யார் ஏற்பது என்பதைச் சொல்கிறது. வழக்கமாகக் குறிக்கப்படும் `SHA` என்றால் இடையில் உள்ள வங்கி தன் கட்டணத்தை அனுப்பும் தொகையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். 5,200 அனுப்பினாலும் சற்றுக் குறைவாகப் போய்ச் சேர்ந்து, அந்தச் சிறு பாக்கிக்காக மாணவர் பதிவு முடங்கக்கூடும். `OUR` என்றால் அந்தச் செலவு என் தலையில்; கூடுதலாகப் பிடித்தார்கள், ஆனால் தொகை முழுதாகப் போனது.

பணம் அனுப்பப்பட்ட பிறகு ஸ்விஃப்ட் நகலைக் கேட்டு வாங்கினேன். கிளையில் தரும் பற்றுச் சீட்டில் தொகை மட்டும் இருந்தது; குறிப்பு வரிகள் நான் கொடுத்தபடியே போயினவா என்பதை அந்த நகலில்தான் பார்க்க முடியும். மகள் அதைக் கட்டணப் பிரிவுக்கு அனுப்பினாள். சில நாட்களில் மாணவர் தளத்தில் பாக்கி 5,200 யூரோ என்று மாறியது. இரண்டாம் தவணைக்கு இதே இன்வாய்ஸ் போதாது என்றும், முதல் தவணை வரவு வைக்கப்பட்டதைக் காட்டும் புதிய இன்வாய்ஸ் வேண்டும் என்றும் அலுவலர் சொல்லியிருப்பதால், அதை இப்போதே தரவிறக்கிக் கோப்பில் வைத்திருக்கிறேன்.