ஒரே வீட்டில் டெங்குவும் சிக்குன்குனியாவும்

தம்பிக்கு டெங்கு, அம்மாவுக்கு சிக்குன்குனியா. மழைக்காலத்தில், மதுரையில் எங்கள் வீட்டிலேயே, ஒரே வாரத்தில் இரண்டும் வந்தன. இரண்டையும் பரப்புவது ஏடிஸ் கொசுதான், அதனால் இப்படி நடப்பது அதிசயமில்லை என்றார் டாக்டர். ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டாம். மாநகராட்சிப் பணியாளர் வந்து பார்த்தபோது சிமெண்டுத் தொட்டியில் புழு நெளிந்தது. அபேட் மருந்து ஊற்றிவிட்டு, தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள் என்றார். இந்தக் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் முட்டை ஒட்டும், அது மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். கடிப்பது பெரும்பாலும் பகலில் என்பதால் இரவுக் கொசுவலையை மட்டும் நம்ப முடியாது.

காய்ச்சல் இருவருக்கும் திடீரென்றுதான் ஏறியது, ஆனால் படுத்த விதம் வேறு. தம்பிக்குக் கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல். அம்மாவுக்கு முதல் நாளே மணிக்கட்டும் விரல்களும் கணுக்காலும் இரண்டு பக்கமும் வீங்கிவிட்டன. டாக்டர் மணிக்கட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, டெங்குவில் தசையும் எலும்பும் வலிக்கும், மூட்டு இப்படி வீங்குவது குறைவு, இது சிக்குன்குனியாவாக இருக்கலாம் என்றார். ஆனாலும் டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை இருவருக்கும் பாராசிட்டமால் மட்டும்தான். மெடிக்கலில் டைக்ளோஃபினாக் மாதிரி வலிமாத்திரை வாங்கிப் போட்டுவிடாதீர்கள், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும் என்று அழுத்திச் சொன்னார்.

ரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 டெஸ்ட் தம்பிக்கு பாசிட்டிவ். அம்மாவுக்கு நெகட்டிவ், ஆனால் அதை வைத்து மட்டும் டெங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது, அதனால் ஒரு வாரம் ஆனதும் இரண்டு நோய்க்கும் எதிராக உடம்பு உண்டாக்கும் ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்தார்கள். சிக்குன்குனியா ஐஜிஎம் முதல் சில நாட்களில் தெரியாமல் போகலாம், சீக்கிரமே எடுத்து நெகட்டிவ் வந்தால் அதற்கு அர்த்தமில்லை. அம்மாவுக்குச் சிக்குன்குனியா மட்டும் பாசிட்டிவ்.

தம்பிக்குக் காய்ச்சல் விட்ட நாளில் வீட்டில் எல்லோரும் நிம்மதியானோம், டாக்டர்தான் ஆகவில்லை. டெங்குவில் ஆபத்து ஆரம்பிப்பது அப்போதுதான், ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும் அடுத்த ஒன்றிரண்டு நாள். பிளேட்லெட் 60,000-க்கு இறங்கியதைப் பார்த்து நாங்கள் பதற, அவர் ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று சொல்லும் பிசிவியைக் காட்டினார்: 41-லிருந்து 49. ரத்தம் கெட்டிப்படுகிறது, நீர் வெளியே போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கூடவே விடாத வயிற்றுவலியும் வாந்தியும் இருந்ததால் உடனே சேர்த்து, அளந்து அளந்து சலைன் ஏற்றினார்கள். பிசிவி இறங்கியது, பிளேட்லெட் தானாக ஏறியது, சில வாரத்தில் வேலைக்கே போய்விட்டான்.

அம்மாவின் பிளேட்லெட் பெரிதாகக் குறையவில்லை, உயிருக்குப் பயமும் இருக்கவில்லை. ஆனால் கஷ்டம் நீண்டது அவருக்குத்தான். காலையில் எழுந்ததும் விரல் மடங்காது, குழாயைத் திருக முடியாமல் புறங்கையால் தள்ளுவார், படியில் பக்கவாட்டாக இறங்குவார். ஒரு மணி நேரம் நடமாடினால் கொஞ்சம் இளகும்.

இது ஏன் விடமாட்டேன் என்கிறது என்று மூட்டு நோய் நிபுணரிடம் கேட்டோம். ரத்தத்திலிருந்து வைரஸ் ஒரு வாரத்துக்குள் போய்விடும், ஆனால் மூட்டைச் சுற்றியுள்ள சவ்வின் செல்களிலும் மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்புச் செல்களிலும் அது தொற்றியிருக்கும், அங்கே அதன் மரபணுத் துண்டுகளும் புரதமும் மாதக்கணக்கில் தங்கலாம் என்றார். சிலரின் மூட்டுத் திசுவில் ஒரு வருடம் கழித்தும் கண்டிருக்கிறார்களாம். அது உயிருள்ள வைரஸ்தானா என்பது இன்னும் தீராத கேள்வி. எப்படியானாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அங்கே ஓயாமல் சண்டை போடுகிறது, வீக்கம் அந்தச் சண்டையால்தான். நாற்பதைத் தாண்டியவர்கள், ஏற்கெனவே மூட்டுவலி உள்ளவர்கள், ஆரம்பத்திலேயே கடுமையாக வந்தவர்கள் ஆகியோருக்கு நீளும் வாய்ப்பு அதிகம். அம்மாவுக்கு இந்த மூன்றும் பொருந்தியது. முடக்குவாதமா என்று பார்க்க ஆர்ஏ ஃபேக்டரும் ஆன்டி-சிசிபியும் எடுத்தார்கள், இரண்டும் நெகட்டிவ், எக்ஸ்ரேயில் எலும்பு அரிக்கவில்லை.

டெங்கு இல்லையென்று ஆனபின் வலிமாத்திரை தந்தார்கள், சிறுநீரகமும் வயிறும் பார்த்துத்தான். வெந்நீர் ஒத்தடம், வெந்நீருக்குள் கையை மூடித் திறக்கும் பயிற்சி. அக்கம்பக்கத்தில் ஒரு வேளையிலேயே வலி போகும் பொட்டல மாத்திரை சொன்னார்கள், வாங்கவில்லை. அதில் ஸ்டீராய்டு இருந்தால் நிறுத்தியதும் வலி திரும்பி வரும், சர்க்கரையும் ஏறும். மூன்று மாதம் தாண்டியும் வீக்கம் போகாததால், எதிர்ப்புச் சக்தியின் சண்டையை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை தொடங்கினார்கள், ஈரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் இடையிடையே டெஸ்ட் உண்டு. இப்போது கணுக்கால் சரி, மணிக்கட்டு பாதி. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், எந்தக் கிழமை என்று அட்டையிலேயே பேனாவால் எழுதி ஒட்டி வைத்திருக்கிறோம்.