ஜெர்மனியில் நான் எழுதிய முதல் அவகாசக் கடிதம்

இங்கே வந்த ஆறாவது வாரமே லேப் ரிப்போர்ட்டுக்குக் கூடுதல் நாள் கேட்டு எழுத வேண்டியதாகிவிட்டது. ஊரில் கருவி மக்கர் செய்தால் பக்கத்து பேட்ச் ரீடிங்கை வாங்கி எழுதிவிடுவோம். இங்கே அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஆரம்பித்து, உடம்பு, குளிர், வீட்டுக் கவலை எல்லாம் சேர்த்து ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். இரண்டு வருடம் முன்னால் வந்த ஈரோட்டு அக்கா அதைப் படித்துவிட்டு, "என்ன கெட்டுச்சு, உனக்கு எப்படித் தெரிஞ்சுது, எதெல்லாம் இன்னும் நல்லா இருக்கு, என்னைக்குத் தருவே, இதை மட்டும் எழுதுடா" என்றார். அப்புறம் எழுதி அனுப்பியது இதுதான், தமிழில் தருகிறேன்.

"வணக்கம். செவ்வாய்க்கிழமை செய்த லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் சோதனையின் ரீடிங்குகளை நம்ப முடியவில்லை. வெள்ளிக்கிழமை தர வேண்டிய ரிப்போர்ட்டை அடுத்த வியாழக்கிழமை தர அனுமதி வேண்டும்.

340 நானோமீட்டரில் என்ஏடிஎச் குறையும் வேகத்தைத்தான் அளந்தோம். கடைசியில் சந்தேகம் வந்து, வெறும் பஃபரை வைத்துப் பூஜ்ஜியம் செய்துவிட்டுக் காத்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் ஒளி உறிஞ்சல் 0.041 ஆகிவிட்டது. மறுபடி செய்தபோது 0.017, மூன்றாம் முறை 0.029. அதே குவெட்டை எடுக்காமல், ஹாலஜன் விளக்கில் அளக்கும் 500 நானோமீட்டருக்கு மாற்றினேன், அங்கே அசையவே இல்லை. அதனால் குவெட்டிலோ பஃபரிலோ பிழை இல்லை, புற ஊதாவுக்கான டியூட்டீரியம் விளக்குதான் மங்கிக்கொண்டு வருகிறது என்று நினைக்கிறேன். ஒற்றைக் கதிர் கருவி என்பதால் விளக்கு மங்குவது அப்படியே உறிஞ்சலாகக் காட்டுகிறது.

பைருவேட் அதிகம் உள்ள குழாய்களில் நிமிடத்துக்கு 0.15 அளவுக்கு இறங்குவதால் இந்தப் பிழை பெரிதாகத் தெரியாது. ஆனால் மிகக் குறைவான குழாயில் இறக்கமே 0.02 தான், அதில் விளக்கின் ஏற்றம் 0.008 வரை தின்றுவிடுகிறது. தாழ்ந்த வேகங்கள் மட்டும் குறைந்து வருவதால் கேஎம் மதிப்பு உண்மையைவிட அதிகமாக வரும். ஏற்றம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இல்லாததால் கழித்துச் சரிசெய்யவும் வழியில்லை.

595 நானோமீட்டரில் எடுத்த பிராட்ஃபோர்ட் புரத அளவு ஹாலஜன் விளக்கில் எடுத்தது, அதை வைத்துக்கொள்ளலாம். மீதி என்சைம் 4 டிகிரியில் இருக்கிறது, என்ஏடிஎச் கரைசலை மட்டும் புதிதாகக் கலக்க வேண்டும். வேறு கருவியில் மூன்று மணி நேரம் கிடைத்தால் வேக அளவீடுகளை மட்டும் திரும்ப எடுத்துவிடுவேன். கெட்ட ரீடிங்குகளையும் பின்னிணைப்பில் சேர்க்கிறேன்."

அனுப்பிவிட்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. காலையில் மூன்று வரியில் பதில் வந்திருந்தது: வியாழன் சரி, திங்கள் இரண்டு மணிக்கு மாடி லேப்புக்கு வரவும், பழைய கருவியின் பதிவேட்டில் அந்த மூன்று எண்களையும் எழுதி வைக்கவும்.

திங்களன்று வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் வெறும் பஃபரை வைத்து ஐந்து நிமிடம் பார்த்தேன். 0.001. அதற்கப்புறம்தான் என்சைமை ஐஸிலிருந்து எடுத்தேன்.