உடனே "சரி" சொன்னதால் போன வியாபாரம்

தீபாவளிக்கு முந்தைய வாரம் லிட்டில் இந்தியாவில் சேலைக்கடை எப்படி இருக்கும் என்று பினாங்கில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சேலையில் 220 வெள்ளி என்று சீட்டு. ஒரு அக்கா அதை விரித்தார், மடித்தார், மறுபடி விரித்து, "தம்பி, 150க்குத் தருவீங்களா?" என்றார். 140க்குக் கீழே இறங்காதே என்பது முதலாளி சொல்லியிருந்த கணக்கு. பின்னால் வேறு ஆள்கள் காத்திருந்தார்கள். "சரிக்கா, எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. கரையைத் திருப்பிப் பார்த்தார், "ஏதாவது பழுதா?" என்று கேட்டார், "ஒரு சுத்து பார்த்துட்டு வர்றேன்" என்று போனவர் வரவே இல்லை. அதே சரக்கில் வேறொரு சேலையை என்னோடு வேலை செய்யும் அண்ணன், கால்குலேட்டரைத் தட்டி, தலையைச் சொறிந்து, மேலே போய்க் கேட்டுவிட்டு வந்து, 170க்கு விற்றார். வாங்கிய அம்மா வாசல் வரை சிரித்துக்கொண்டே போனார்.

இதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பொருளியலில் நுகர்வோர் உபரி என்பார்கள். ஒரு பொருள் இல்லாமல் போவதைவிட இவ்வளவு கொடுத்தாவது வாங்கலாம் என்று ஒருவர் நினைக்கும் உச்ச விலைக்கும், உண்மையில் கொடுக்கும் விலைக்கும் உள்ள இடைவெளி அது. பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் வெளிவந்த தன் நூலில் கிட்டத்தட்ட இப்படித்தான் விளக்கினார். அந்த அக்காவின் மனசில் இருந்த உச்ச விலை எனக்குத் தெரியாது, 200 என்று வைத்துக்கொள்வோம். 150க்கு வாங்கியிருந்தால் உபரி 50 வெள்ளி. அந்த அம்மாவுக்கும் உச்சம் 200தான் என்றால் அவருக்குக் கிடைத்தது வெறும் 30. கணக்குப்படி சிரிக்க வேண்டியவர் யார்?

இன்னொரு பொருளியல் அறிஞர் ரிச்சர்ட் தேலர் 1985இல் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். பொருளால் வரும் லாபம் ஒன்று. இன்னொன்று பேரத்தால் வரும் லாபம், அதாவது 'இதற்கு இவ்வளவு இருக்கும்' என்று நாம் மனசில் வைத்திருக்கும் விலைக்கும் கொடுக்கும் விலைக்கும் உள்ள தூரம். கடற்கரையில் படுத்திருக்கிறீர்கள், நண்பர் பீர் வாங்கி வரப் போகிறார், அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள் என்று தேலர் பலரிடம் கேட்டார். ஆடம்பர ஹோட்டலில் வாங்குவதென்றால், பதில்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வந்தது 2.65 டாலர், சின்ன மளிகைக்கடையில் என்றால் 1.50. அதே பீர், குடிப்பதும் அதே மணலில்தான். எங்கே வாங்குகிறோம் என்பது உச்ச விலையையே நகர்த்திவிடுகிறது.

என் "சரி" செய்ததும் அதைத்தான். அதற்கு முன்னால் அவர் மனசில் இருந்தது சீட்டில் இருந்த 220, அதிலிருந்து பார்த்தால் 150 என்பது 70 வெள்ளி லாபம். நான் யோசிக்காமல் ஒத்துக்கொண்டதும் 'அப்படியானால் இதன் விலை 120தான் போல' என்று ஆகிவிட்டது, அதே 150 இப்போது 30 வெள்ளி நஷ்டம். இத்தனையும் நடந்தபோது அவர் பர்ஸைத் திறக்கவே இல்லை. லாபமும் வந்து, நஷ்டமும் வந்துவிட்டது, காசு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

சீட்டு பொய்யா? முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். கேட்காமலே 220 கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு, மனைவிக்கு வாங்க வரும் ஆண்கள் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் பேரம் பேசுகிறவர்களைப் பொறுத்தவரை அந்த எண் இறக்குவதற்காகவே ஏற்றி வைத்தது. பேரமே இல்லாமல் 150 என்று எழுதி வைத்திருந்தால் இதை எடுப்பேனா என்று வாங்குகிறவர் தன்னையே கேட்டால் தெரிந்துவிடும். எடுப்பேன் என்றால் உபரி அவருடையது. தோன்றவில்லை என்றால் அவரை இழுத்தது சீட்டுதான், அந்தச் சேலை அலமாரியிலேயே கிடக்கும். இந்தக் கேள்வியும் அவ்வளவு சுத்தமானதில்லை, ஏனென்றால் 220ஐப் பார்த்த கண்ணுக்குப் பார்க்காத கண்ணின் உச்ச விலை இனி தெரியாது.

இப்போது நானும் கால்குலேட்டரைத் தட்டுகிறேன். அதே 150க்குத்தானே தருகிறோம், ரெண்டு நிமிஷம் தயங்கினால் அவருக்கும் சந்தோஷம், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொள்வேன். நேர்மையாக உடனே சொன்னதற்கு ஒருத்தர் சேலையே இல்லாமல் போனாரே, அது மட்டும் என்ன நியாயம்? ஆனால் நான் தட்டிக்கொண்டிருக்கும்போதே சிலர் பொறுக்காமல் "சரி தம்பி, 160 வச்சுக்குங்க" என்று அவர்களே ஏற்றிவிடுகிறார்கள். அந்தப் பத்து வெள்ளியை வாங்குவதா, "150 போதும்கா" என்று சொல்லி மறுபடி ஒரு முகம் மாறுவதைப் பார்ப்பதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வாங்கிக்கொள்கிறேன். முதலாளிக்கு இதில் சந்தேகமே கிடையாது.